உருளை கணக்கில் இரு விடைகள்: விளக்கம் வேண்டி

மேலூர்,
14.11.2024

மதிப்பிற்குரிய இயற்பியல் ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை தாங்கள் வீட்டுப்பாடமாகத் தந்த சாய்தளக் கணக்கை இரண்டு வழிகளில் செய்து பார்த்தேன், விடைகள் பொருந்தவில்லை. நிறை 2 கிலோகிராம், ஆரம் 0.1 மீட்டர் கொண்ட திண்ம உருளை, 30 டிகிரி சாய்தளத்தில் ஓய்விலிருந்து புறப்பட்டு, நழுவாமல் 2 மீட்டர் உருள்கிறது. உராய்வுக் குணகம் 0.3.

ஆற்றல் முறையில், 1 மீட்டர் உயரத்தின் நிலை ஆற்றலான 19.6 ஜூல் முழுவதையும் இடப்பெயர்ச்சி இயக்க ஆற்றலாகவும் சுழற்சி இயக்க ஆற்றலாகவும் பிரித்தபோது, அடியில் வேகம் நொடிக்கு 3.61 மீட்டர் என வந்தது. விசை முறையில், சரிவு வழியே செயல்படும் 9.8 நியூட்டனிலிருந்து உராய்வு விசை μN = 5.09 நியூட்டனைக் கழித்தேன். முடுக்கம் 2.35, வேகம் 3.07 என்றே கிடைத்தது.

பெருக்கலில் பிழை இருக்குமோ என்று சரிபார்க்கும்போதுதான் வியப்பான ஒன்று தென்பட்டது. அதே 5.09 நியூட்டன் தரும் திருப்பு விசையை நிலைமத் திருப்புத்திறனால் (0.01) வகுத்தால் கோண முடுக்கம் 50.9 ஆகிறது, அதை ஆரத்தால் பெருக்கினால் 5.09. ஆனால் நழுவாமல் உருள வேண்டுமானால் இது 2.35-க்குச் சமமாக இருக்க வேண்டும் அல்லவா? இன்னும் மேலே போய் இரு இயக்க ஆற்றல்களையும் கூட்டினால் சுமார் 31.4 ஜூல் வருகிறது. 19.6 ஜூலில் தொடங்கிய உருளைக்கு மீதி எங்கிருந்து கிடைக்கும்? ஆகவே கோளாறு ஆற்றல் முறையில் இல்லை, உராய்வுக்கு நான் போட்ட மதிப்பில்தான் என்று தோன்றுகிறது. உராய்வைத் தெரியாத மதிப்பாக வைத்து, a = αR என்ற நிபந்தனையோடு தீர்த்தால் அது 3.27 நியூட்டன் ஆகிறது, வேகமும் 3.61 என்றே வந்து இரு முறைகளும் ஒத்துப்போகின்றன.

என் ஐயம் இதுதான். μN என்பது நிலை உராய்வு எட்டக்கூடிய உச்ச வரம்பு மட்டுமே என்றால், அந்த வரம்புக்குள் உராய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உருளும் நிபந்தனை ஒன்றே தீர்மானிக்கிறதா? அப்படியானால் 0.3 என்ற குணகத்தைக் கணக்கில் கொடுத்தது, தேவைப்படும் 3.27 நியூட்டன் வரம்புக்குள் உள்ளதா எனச் சோதிப்பதற்காகத்தானா? உராய்வு இருந்தும் ஆற்றல் முறையில் அதன் வேலை சுழியாவது, தொடும் புள்ளி அக்கணத்தில் அசையாமல் இருப்பதால்தானா?

மற்றொன்று: சாய்வை 45 டிகிரி ஆக்கினால், உருள்வதற்குத் தேவைப்படும் குணகம் tanθ/3, அதாவது 0.333, அது 0.3-ஐத் தாண்டுகிறது. அப்போது உருளை நழுவும், இயக்க உராய்வுக் குணகமும் 0.3 எனக் கொண்டால் μN போடுவது சரியாகும், ஆற்றல் முறையில் மட்டும் வெப்ப இழப்பைச் சேர்க்க வேண்டும் என்று கருதுகிறேன். என் புரிதல் சரியா என்று தாங்கள் நேரம் கிடைக்கும்போது சொன்னால் உதவியாக இருக்கும். இரு வழிகளின் படிகளையும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்துள்ளேன்.

தங்கள் மாணவி,
கா. நிவேதா,
பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு.