பேரிமரத்து வீடு, வில்பட்டி, கொடைக்கானல்
தங்குவதற்கு அறை கேட்டு போன் அடித்தால் வீட்டில் யாராவது எடுப்போம்

அனேகமாக அத்தைதான் எடுப்பார். "எத்தனை பேர் வர்றீங்க, சின்னப் பிள்ளைங்க இருக்கா?" என்று முதலில் கேட்பார். வாடகைப் பேச்சு அப்புறம்தான். பிள்ளை இருந்தால் வத்தலக்குண்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள் என்பார். மேலே ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் யார் யார் பாடுபட்டார்கள் என்று பெரிய கதையே வைத்திருக்கிறார்.

எங்களுடையது மூன்று அறை உள்ள வீடு. முன்பக்கம் நீங்கள், பின்பக்கம் நாங்கள், நடுவில் ஒரே அடுப்படி. வாசலில் ஒரு பழைய பேரிமரம் நிற்கிறது, பெயர் அதனால்தான். மாமா வீட்டுக்குக் கீழே படிக்கட்டு வயலில் மலைப்பூண்டும் பட்டர் பீன்ஸும் போடுகிறார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே கொடைக்கானல் மலைப்பூண்டுதான். கடைவீதியில் அந்தப் பெயரைச் சொல்லி வேறு பூண்டும் விற்கிறார்கள். கேட்டால் மாமா இரண்டையும் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்வார். விளைச்சல் இருந்தால் ஊர் விலைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய புக்கிங் ஆப்களிலும் எங்கள் வீடு இருக்கிறது. அங்கே நாங்கள் நாலு படம், ஒரு விலை, அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்குக்கூட ஒரு தட்டில் அறை போடலாம், ஒரு தட்டில் ரத்து செய்யலாம். அந்த வசதி எங்களிடம் கிடையாது. ஒன்பது மணிக்கு மேல் போனை எடுக்கவே மாட்டோம், வழியில் இருக்கிறவர்கள் கூப்பிட்டால் மட்டும் எடுப்போம். ஆனால் எங்களிடமே போனில் பேசி அறை எடுத்தால் ஆப்புக்குப் போகும் கமிஷன் மிச்சம். அதை உங்கள் வாடகையிலேயே குறைத்துவிடுகிறோம்.

இன்னொன்று, எங்களிடம் கேட்டால் உள்ளதைச் சொல்வோம். "ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியுமா?" என்று கேட்கிறார்கள். தெரியும், மஞ்சு இறங்காத நேரத்தில். அக்டோபர், நவம்பர் மழையில் நாள் முழுக்க வெள்ளையாகவே இருக்கும் நாளும் உண்டு. குறிஞ்சி பார்க்க அறை கேட்டு இப்போதும் போன் வருகிறது. 2018-ல் பூத்தது, மலை முழுக்கப் பார்க்க வேண்டுமானால் இனி 2030 வரை பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவோம். அறை காலியாக இருந்தாலும்தான். மே மாதச் சனி, ஞாயிறு என்றால் ஏரிப்பக்கம் வண்டி நகராது. முடிந்தால் செவ்வாய், புதன் பார்த்து வாருங்கள்.

சாப்பாடு வீட்டில் என்ன சமைக்கிறோமோ அதுதான். ராத்திரிக்குச் சோறு, பூண்டுக் குழம்பு, பட்டர் பீன்ஸ் பொரியல், மிளகு ரசம். கோழி வேண்டும் என்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். பத்தியம், சர்க்கரை, கைக்குழந்தைக்குக் குழைந்த சோறு, எதுவானாலும் அத்தையிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வர நேரமானால் குழம்பை மறுபடி சுடவைப்பார். கொஞ்சம் முணுமுணுப்பார், கண்டுகொள்ள வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் குளிர் எலும்பில் இறங்கும். கூடுதல் கம்பளி அலமாரியிலேயே இருக்கிறது, கேட்க வேண்டியதில்லை. வெந்நீர் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. கரண்ட் போனால் விறகு அடுப்பில் காய்ச்சி வாளியில் தருவோம். ராத்திரி ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு போட மட்டும் விடமாட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் விடியும் முன்னே தோட்டத்துக்குக் கிளம்புகிறவர்கள்.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வந்தால் இ-பாஸ் வேண்டும். 2024 மே முதல் இந்த நடைமுறை இருக்கிறது. epass.tnega.org தளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். எடுக்கத் தெரியாவிட்டால் கூப்பிடுங்கள், என் வீட்டுக்காரர் போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவார். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் சொன்னால் எங்கள் ஊர் ஜீப்காரரை அனுப்புவோம்.

இருவருக்கு ஓர் இரவு ரூ.2,400, காலை டிபன் சேர்த்து. ராத்திரிச் சாப்பாடு ஆளுக்கு ரூ.200. பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்குக் காசு எதுவும் இல்லை. முன்பணம் ரூ.500 போதும். உடம்பு சரியில்லை, லீவு கிடைக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்தப் பணத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வோம். சொல்லாமல் வராமல் போனால் மட்டும் திருப்பித் தருவதில்லை. அன்றைக்கு உங்களுக்கும் சேர்த்து உலை வைத்திருப்போம்.

எண் இந்தத் தாளின் முன்பக்கத்தில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.