சலூனுக்கான மூன்று மாதத் திட்டம்: நாற்காலி, சரக்கு, வராத அப்பாயின்ட்மென்ட், கமிஷன்

பங்குதாரர்களுக்கும் பணியாளர்கள் எல்லோருக்கும்:

இப்போதைய நிலை இது. 5 நாற்காலிகள், நாளுக்கு 10 மணி நேரம், வாரத்தில் 6 நாள் என்றால் நம் கையில் இருப்பது 300 நாற்காலி மணி. கடந்த மாதம் வாரத்துக்குச் சராசரியாக 138 மணியில்தான் வேலை நடந்தது, அதாவது 46 சதவீதம். ஆனால் 5 ஸ்டைலிஸ்டுகளும் ஆளுக்கு 48 மணி நேரம் வேலை செய்வதால், 240 மணிக்கு மேல் நம்மால் போகவே முடியாது. அந்தக் கணக்கில் பார்த்தால் 57.5 சதவீதம். ஆகவே 300-ஐ நிரப்பப் பார்ப்பது வீண். வாரத்துக்கு 175 மணியை எட்டுவதே இலக்கு. ஆறாவது நாற்காலி வாங்கும் பேச்சை அதுவரை தள்ளிவைப்போம்.

நாற்காலி

சனிக்கிழமை இடமில்லை, செவ்வாய் முதல் வியாழன் வரை காலையில் ஆளில்லை. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு. சனிக்கிழமை கலர் பூசிவிட்டு 30, 40 நிமிடம் காத்திருப்பவர் முடிவெட்டும் நாற்காலியிலேயே இருக்கிறார். அவரை ஓரத்து சோபாவுக்கு மாற்றினால் அந்த நேரத்தில் இன்னொருவருக்கு முடி வெட்டிவிடலாம். கடிகாரம் பார்ப்பது உதவியாளரின் பொறுப்பு. கலர் ஊறும் நேரம் ஒரு நிமிடம்கூடத் தவறக்கூடாது. வார நாட்களில் இரண்டு பேர் காலையில் தாமதமாக வந்து மாலையில் கூடுதல் நேரம் இருப்பார்கள், ஏனென்றால் வேலை முடித்து வருபவர்கள் கேட்பது அந்த நேரத்தைத்தான். பில் போடும்போதே அடுத்த தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தள்ளுபடி அறிவிக்கப் போவதில்லை. முழு விலைக்கு வருபவரையும் அது தள்ளுபடி நாளுக்கே இழுத்துவிடும்.

வராத அப்பாயின்ட்மென்ட்

முதலில் கை வைக்க வேண்டியது இதில்தான். வாரத்தில் பதிவாகும் 96 அப்பாயின்ட்மென்டுகளில் 12 பேர் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். சராசரியாக ஒன்றேகால் மணி நேரம் என்றால் 15 மணி போகிறது. பாதியை மீட்டாலே, நமக்குத் தேவையான 37 கூடுதல் மணியில் ஏழரை மணி வந்துவிடும்.

90 நிமிடத்துக்கு மேற்பட்ட வேலைக்குக் கட்டணத்தில் 20 சதவீதம் அட்வான்ஸ், பில்லில் கழித்துக்கொள்ளப்படும். 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் தேதி மாற்றலாம், பணம் எங்கும் போகாது. சொல்லாமல் வராவிட்டால் திரும்பக் கிடைக்காது. முதல் தடவை, உண்மையான அவசரம் என்றால் விட்டுக்கொடுக்கலாம்; அதை முடிவு செய்வது வரவேற்பில் இருப்பவர். இதை முன்பதிவின்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் சண்டைதான். கலருக்கு முதன்முறை வருபவர் 48 மணி நேரம் முன்பு ஒவ்வாமைச் சோதனைக்கு வர வேண்டும். அது பாதுகாப்புக்கானது, அன்றே வருகையையும் உறுதி செய்துகொள்ளலாம். இடம் காலியானால் அழைக்க, காத்திருப்போர் பட்டியல் ஒன்று வரவேற்பு மேஜையில் இருக்கும்.

சரக்குச் செலவு

வேலை வருமானத்தில் 19 சதவீதம் சரக்குக்குப் போகிறது. 15-க்குக் கொண்டுவர முடியும், ஏனென்றால் பெரும் வீணடிப்பு கலர் கிண்ணத்தில் இருக்கிறது. 60 கிராம் போதும் என்ற தலைக்கு 90 கிராம் கலக்கிவிட்டு மீதியைச் சிங்கில் கொட்டுகிறோம். இனி தராசில் எடை போட்டுத்தான் கலக்க வேண்டும்: முதலில் குறைவாக, தேவைப்பட்டால் அதே அளவு விகிதத்தில் இன்னொரு முறை. கிண்ணத்தில் மிஞ்சியதையும் எடை போட்டு வாடிக்கையாளர் அட்டையில் எழுதுங்கள், அடுத்த முறை அவருக்கு எவ்வளவு வேண்டும் என்பது தெரிந்துவிடும். திறந்த டெவலப்பர் வீரியம் இழக்கும், மூடியை இறுக்கி நிழலில் வைக்கவும். முதலில் வந்த சரக்கு முதலில் தீர வேண்டும். விற்பனைக்கு வைத்திருக்கும் பாட்டிலை எடுத்து வேலைக்குப் பயன்படுத்துவது இன்றோடு நிற்கும்.

கமிஷன்

இப்போது பில் தொகையில் நேராக 10 சதவீதம். சரக்கு அதிகம் தின்னும் வேலைக்கும், கைத்திறன் மட்டுமே தேவைப்படும் வேலைக்கும் ஒரே விகிதம் என்பது நியாயமில்லை. இனி சரக்குச் செலவு கழித்த தொகையில் 13 சதவீதம். 100 ரூபாய் பில்லுக்கு, 3 ரூபாய் சரக்கு பிடிக்கும் முடிவெட்டுக்குக் கமிஷன் 10-லிருந்து 12.61 ஆகிறது, 25 ரூபாய் பிடிக்கும் கலருக்கு 9.75. சரக்கு 15 சதவீதத்துக்கு வந்தால் சரக்கும் கமிஷனும் சேர்ந்த செலவு வருமானத்தில் 29 சதவீதத்திலிருந்து சுமார் 26 ஆகும்.

கழிக்கப்படுவது ஒவ்வொரு வேலைக்கும் முன்பே நிர்ணயித்த சரக்குத் தொகை, அன்று உண்மையில் செலவானது அல்ல. உண்மைச் செலவைக் கழித்தால் கமிஷனுக்காகக் கலரை மெலிதாகப் பூசத் தூண்டுதல் வந்துவிடும், முடி கெடுவது வாடிக்கையாளருக்கு. வீணானதற்காக யார் சம்பளத்திலும் கை வைக்க மாட்டோம். 7 நாளுக்குள் குறை சொல்லி வந்தால் அதே ஸ்டைலிஸ்ட் இலவசமாகச் சரிசெய்வார், அதற்கு இரண்டாம் கமிஷன் இல்லை. வராதவரின் அட்வான்ஸில் பாதி, நேரம் இழந்த ஸ்டைலிஸ்டுக்கே.

முதல் 2 மாதம் பழைய கணக்கு, புதிய கணக்கு இரண்டையும் போட்டு எது அதிகமோ அதைத் தருவோம். அடிப்படைச் சம்பளம் மாறாது.

வரிசை

முதல் வாரத்தில் தராசும் அட்வான்ஸ் விதியும். இரண்டாம் வாரத்தில் புதிய பணி நேரம். நான்கு வார எடைக் குறிப்பு கைக்கு வந்தபின்தான் வேலைவாரியான சரக்குத் தொகையை நிர்ணயிப்போம், கமிஷன் மாற்றம் அதற்கடுத்த மாதத் தொடக்கத்தில். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூன்று எண்களைப் பலகையில் எழுதுகிறேன்: வேலை நடந்த மணி, வராதவர்கள், வீணான கிராம். ஆளுக்கு எவ்வளவு கமிஷன் என்பதை மட்டும் அவரவரிடம் தனியாகச் சொல்வேன்.