புதுப்பித்த பிறகு ஆப்பில் உள்ளே போக முடியவில்லை

அனுப்புநர்:
இரா. சௌந்தரராசன்,
ஓய்வுபெற்ற உதவியாளர், வருவாய்த் துறை,
மன்னார்குடி.

பெறுநர்:
மொபைல் ஆப் உதவிப் பிரிவு.

நாள்: 12.11.2025

பொருள்: ஆப் புதுப்பிப்புக்குப் பின் சிம் சரிபார்ப்பு தோல்வி – சரிசெய்து தரக் கோருதல்.
பார்வை: 4.11.2025 அன்று உதவி எண்ணில் பதிவு செய்த என் புகார்.

ஐயா / அம்மையீர்,

என் ஓய்வூதியம் வரும் சேமிப்புக் கணக்கு உங்கள் வங்கியில்தான் இருக்கிறது. கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 7126; பதிவு செய்த மொபைல் எண்ணின் கடைசி நான்கு 3308. மின்னஞ்சலில் முழு எண்களை எழுத வேண்டாம் என்று நீங்களே சொல்வதால் இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

3.11.2025 திங்கள் மாலை பிளே ஸ்டோரில் ஆப் புதுப்பிக்கப்பட்டது. திறந்ததும் வழக்கமான MPIN பக்கம் வரவில்லை. மொபைல் எண்ணை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்றது. ஒப்புக்கொண்டேன். ஒரு நிமிடம் சுற்றிவிட்டு "Device verification failed. Please try again." என்று வந்தது. ஐந்து முறைக்குப் பிறகு 24 மணி நேரம் கழித்து வரச் சொல்லிவிட்டது. இன்றோடு பத்தாவது நாள்.

தாலுகா அலுவலகத்தில் 31 வருடம் தன்பதிவேடு எழுதிய பழக்கத்தில், நடந்ததை ஒரு நோட்டில் தேதி நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் போனில் இரண்டு சிம். வங்கியில் பதிவான எண் முதல் சிம்மில் இருக்கிறது. சரிபார்ப்பின்போது என் போனிலிருந்து உங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகிறது அல்லவா, அது போயிருக்கிறதா என்று மெசேஜ் பகுதியில் பார்த்தேன். 3ஆம் தேதி 6.42 மணிக்குப் போயிருக்கிறது. முதல் சிம்மிலிருந்துதான் போயிருக்கிறது, பேலன்ஸில் 1.50 ரூபாயும் குறைந்திருக்கிறது. 5ஆம் தேதி இரண்டாவது சிம்மையே கழற்றிவிட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு முயன்றேன். அப்போதும் மெசேஜ் போனது, அதே பிழைதான் வந்தது. அன்று காலை ஏடிஎம்மில் 4,000 ரூபாய் எடுத்ததற்கான எஸ்எம்எஸ் உடனே வந்து சேர்ந்தது. அதனால் மெசேஜ் வருவதிலும் போவதிலும் என் போனில் தடையில்லை. நான் அனுப்பிய மெசேஜ் உங்கள் சர்வரில் பதிவாகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உதவி எண்ணில் பேசியவர் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார். செய்தேன், பலனில்லை. போன் பழசு என்றார். என்னுடையது ஆண்ட்ராய்டு 10. அது இனி ஒத்துவராது என்றால் பிளே ஸ்டோர் புதுப் பதிப்பையே கொடுத்திருக்காது என்பது என் எண்ணம். தவறென்றால் சொல்லுங்கள், மகனிடம் சொல்லி வேறு போன் வாங்கிக்கொள்கிறேன். கிளையிலும் போய் நின்றேன். எண் சரியாகத்தான் பதிவாகியிருக்கிறது, ஆப் விஷயம் எங்கள் கையில் இல்லை என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 7ஆம் தேதி உங்கள் எண்ணைக் கூகுளில் தேடி, மேலே வந்த ஒரு எண்ணைக் கூப்பிட்டுவிட்டேன். எடுத்தவர் வங்கியின் பெயரைச் சொல்லித்தான் பேசினார். அப்புறம் என் போனை வெளியிலிருந்தே இயக்க வழிசெய்யும் AnyDesk ஆப்பை ஏற்றச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். எதுவும் சொல்லவில்லை, எதையும் ஏற்றவில்லை. பாஸ்புக்கையும் பதிவிட்டுப் பார்த்துவிட்டேன், பணம் போகவில்லை. ஆனால் அன்று இரவு தூங்கவில்லை. ஆப் திறக்காத நேரத்தில்தான் ஆட்கள் இப்படித் தேடுகிறார்கள். ஆப்பின் அந்தப் பிழைத் திரையிலேயே உங்கள் சரியான உதவி எண்ணைப் போட்டுவிட்டால் என் வயதுக்காரர்கள் தப்பிப்பார்கள். இதைத் தயவுசெய்து உங்கள் மேலதிகாரிகளிடம் சொல்லுங்கள்.

நான் கேட்பது இதுதான். என் எண்ணிலிருந்து 3ஆம் தேதியும் 5ஆம் தேதியும் வந்த மெசேஜ்களைப் பார்த்து, எங்கே நிற்கிறது என்று எழுத்தில் தெரிவியுங்கள். பழைய போன் பதிவு ஒட்டிக்கொண்டு தடுக்கிறது என்றால் அதை நீக்கிவிட்டு எனக்குச் சொல்லுங்கள். கூப்பிடுவதாக இருந்தால் 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்து கூப்பிடுங்கள். ஓடிபியும் MPIN-ம் யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

என் மனைவிக்கு முழங்கால் அறுவை முடிந்து மூன்று வாரமாகிறது. மருந்துக் கடைக்கும் கரண்ட் பில்லுக்கும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவளைத் தனியே விட்டுவிட்டு ஏடிஎம்முக்குப் போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் அவசரப்படுகிறேன்.

30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பது தெரியும். அதற்கு அவசியம் வராது என்று நம்புகிறேன். காலை 10 முதல் மதியம் 1 வரை போன் என் கையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
இரா. சௌந்தரராசன்

இணைப்பு: பிழைத் திரையின் ஸ்கிரீன்ஷாட் 2, மெசேஜ் போன நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட் 1.