டிடிஎஸ் சான்றிதழ் (படிவம் 16ஏ) வேண்டி: 2024-25, மூன்றாம், நான்காம் காலாண்டுகள்

குன்னூர்
8 ஜூலை 2025

பெறுநர்: கணக்கு மேலாளர் அவர்கள், கோத்தகிரி
நகல்: உரிமையாளர் அவர்கள்

வணக்கம் சார்,

கோத்தகிரி குடில்களுக்கு நான் செய்து கொடுத்த வரைபட வேலைக்கான கட்டணத்தில் நீங்கள் பிடித்த வரிக்கு இன்னும் சான்றிதழ் வரவில்லை. ஜூன் 18-ம் தேதி வாட்ஸ்அப்பில் கேட்டேன். 27-ம் தேதி போனில் பேசினோம். "ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னீர்கள். கோயம்புத்தூரில் இருக்கும் ஆடிட்டருக்கு அப்படியே அனுப்பிவைக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் இப்போது எல்லா விவரங்களையும் ஒரே மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்தது இரண்டு தவணை. முதல் தவணை, சரிவு அளவெடுப்பும் முதல் வரைபடமும் முடிந்தபோது: கட்டணம் 80,000 ரூபாய். 194ஜே பிரிவின்படி 10 சதவீதம், அதாவது 8,000 பிடித்துக்கொண்டு, 2024 நவம்பர் 21 அன்று 72,000 என் கணக்கில் வரவு வைத்தீர்கள். இரண்டாம் தவணை, தாங்கு சுவர், மழைநீர் வடிகால் வரைபடங்களை ஒப்படைத்த பிறகு: கட்டணம் 1,45,000. அதில் 14,500 பிடித்து, 2025 மார்ச் 6 அன்று 1,30,500 வந்தது. நான் ஜிஎஸ்டி பதிவில் இல்லாததால் இதில் வேறு கணக்குச் சிக்கல் எதுவும் கிடையாது. மொத்தக் கட்டணம் 2,25,000, பிடித்த வரி 22,500. வரி பிடித்ததில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கட்டடக் கலைஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பிடிக்க வேண்டிய வரிதான், விகிதமும் சரியானதே.

ஜூலை 5-ம் தேதி வருமான வரித் தளத்தில் என் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தேன். முதல் தவணையின் 8,000 ரூபாய் அங்கே இருக்கிறது. பிரிவு `194JB`, நிலை `F`, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆகவே அந்தக் காலாண்டுக்கு வரியும் கட்டியாகிவிட்டது, அறிக்கையும் போய்விட்டது. சான்றிதழைப் பதிவிறக்கி அனுப்புவது மட்டும்தான் பாக்கி. அக்டோபர்-டிசம்பர் காலாண்டுக்கான 16ஏ பிப்ரவரி 15-க்குள் வந்திருக்க வேண்டும்.

இரண்டாம் தவணையின் 14,500 ரூபாய் அங்கே இல்லை. எனக்குக் கவலையே இதில்தான். மார்ச்சில் பிடித்த வரியை ஏப்ரல் 30-க்குள் அரசுக் கணக்கில் கட்டி, ஜனவரி-மார்ச் காலாண்டுக்கான 26க்யூ அறிக்கையை மே 31-க்குள் தாக்கல் செய்து, ஜூன் 15-க்குள் சான்றிதழ் கொடுப்பது முறை. மூன்று தேதிகளும் கடந்துவிட்டன.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். செலான் இன்னும் கட்டப்படவில்லை. கட்டியும் அறிக்கை போகவில்லை. அல்லது அறிக்கையில் என் பான் எண் தவறாக ஏறிவிட்டது. மூன்றாவதாக இருந்தால் திருத்த அறிக்கை ஒன்று போட்டாலே சரியாகிவிடும். நவம்பர் தவணைக்கு என் பான் சரியாகவே பதிவாகியிருக்கிறது, அந்த அறிக்கையில் இருக்கும் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பில்களின் மேற்பகுதியிலும் அதே எண்தான் அச்சாகியிருக்கிறது. பில்களை மறுபடி இணைத்திருக்கிறேன், வங்கி வரவு தெரியும் பக்கங்களும் கூடவே உள்ளன.

ஜூன் மாதம் உங்கள் அலுவலகத்தின் லெட்டர்ஹெட்டில் "இவ்வளவு ரூபாய் டிடிஎஸ் பிடித்தோம்" என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்பினீர்கள். கேட்ட உடனே செய்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் வரித்துறையிடம் அது 16ஏ ஆகாது. ட்ரேசஸ் தளத்திலிருந்து பதிவிறக்கிய, சான்றிதழ் எண் அச்சிட்ட படிவத்தில் நீங்கள் கையாலோ டிஜிட்டலாகவோ கையெழுத்திட்டுத் தருவதுதான் செல்லும். உங்கள் டான் எண்ணில் உள்நுழைந்து `Downloads` பகுதியில் `Form 16A` தேர்ந்தெடுத்து, நிதியாண்டும் காலாண்டும் கொடுத்தால் போதும். அந்தக் காலாண்டு அறிக்கையின் டோக்கன் எண்ணையும் ஒரு செலானின் விவரத்தையும் சரிபார்ப்புக்குக் கேட்கும், அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். மூன்றாம் காலாண்டுக்கு இதை இன்றைக்கே செய்துவிடலாம். நான்காம் காலாண்டுக்கு முதலில் அறிக்கை ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

27-ம் தேதி பேசும்போது உரிமையாளர், "சிரமமாக இருந்தால் அந்த 14,500-ஐ உங்களுக்கே அனுப்பிவிடுகிறோம், கணக்கு முடிந்துவிடும்" என்றார். நல்ல மனதோடு சொன்னது என்று தெரியும். ஆனாலும் அதை நான் வாங்க முடியாது சார். வரி என்று சொல்லிப் பிடித்த பிறகு அது எனக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் பணம் இல்லை, என் பான் பெயரில் அரசுக்குச் சேர வேண்டிய பணம். எனக்குத் திருப்பிக் கொடுத்தால் உங்கள் புத்தகத்தில் டிடிஎஸ் பிடித்ததாக ஒரு பதிவும் செலான் இல்லாத ஒரு பள்ளமும் நிற்கும். செலவுக் கணக்கில் இந்தக் கட்டணத்தைக் காட்டும்போது உங்களுக்கே அது கேள்வியாக வரும். கட்ட வேண்டிய இடத்தில் கட்டிவிடுங்கள், அதுதான் இரண்டு பேருக்கும் நல்லது.

தாமதம் நீள நீள உங்களுக்குத்தான் செலவு கூடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி. அறிக்கை தாக்கல் செய்யாமல் இருந்தால் 234இ பிரிவின்படி ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம். ஜூன் 1 முதல் இன்றுவரை எண்ணினால் 38 நாள், 7,600 ரூபாய். இந்தக் கட்டணம் அறிக்கையில் உள்ள மொத்த வரியைத் தாண்டாது. சான்றிதழ் தராமல் இருப்பதற்குத் தனியாக நாளுக்கு 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதற்கும் வரித்தொகைதான் உச்சவரம்பு. சுவர் வேலைக்குச் சிமெண்ட் மூட்டை எண்ணி எண்ணிச் செலவு செய்த உங்களுக்கு இந்தப் பணம் வீணாகப் போவதைப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை.

என் பக்கத்து நிலைமையையும் மறைக்காமல் சொல்கிறேன். தனியாளாகத் தொழில் செய்கிறேன். கடந்த நிதியாண்டில் எனக்கு வந்த மொத்தக் கட்டணம் 11 லட்சத்துக்குள். 44ஏடிஏ பிரிவில் அதில் பாதியை வருமானமாகக் காட்டினால், புதிய வரிமுறையில் 7 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு உள்ள தள்ளுபடியால் நான் கட்ட வேண்டிய வரி ஒன்றும் இல்லை. அதனால் நீங்கள் பிடித்த 22,500 முழுவதும் எனக்கு ரீஃபண்டாக வர வேண்டிய தொகை. உங்கள் இடத்தின் மண் பரிசோதனைக்கு நான் முன்பணமாகக் கொடுத்ததும், வரைபடம் போட்டுக் கொடுத்த பையனுக்கு இன்னும் தர வேண்டிய பாக்கியும் இந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கின்றன. அக்டோபர் மழையில், அந்தத் தேயிலைச் சரிவில் கால் வழுக்க வழுக்க என்னோடு டேப் பிடித்தவன் அவன். நீங்களும் அன்றைக்குக் குடையோடு கூட நின்றீர்கள், நினைவிருக்கும்.

பிடித்த வரியை என்னிடமே மறுபடி வசூலிக்கக் கூடாது என்று 205-ம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் ரீஃபண்ட் என்று வரும்போது 26ஏஎஸ்-ல் வரி தெரிந்தால்தான் கணக்கு ஓடும். தெரியாத 14,500-ஐ நான் ரிட்டர்னில் காட்டினால் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். காட்டாமல் விட்டால் என் பணம் போய்விடும். இரண்டுமே வேண்டாம் என்றுதான் ரிட்டர்ன் போடாமல் காத்திருக்கிறேன். இந்த ஆண்டு கடைசித் தேதியைச் செப்டம்பர் 15 வரை நீட்டித்திருக்கிறார்கள், உண்மைதான். அதற்காக அதுவரை இழுக்க என்னால் முடியாது. அறிக்கை போட்ட பிறகும் 26ஏஎஸ்-ல் ஏறச் சில நாள் ஆகும், ரீஃபண்ட் அதற்கும் பின்னால்தான்.

ஆகவே, மூன்றாம் காலாண்டின் 16ஏ சான்றிதழை இந்த வாரமே, ஜூலை 11 வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். நான்காம் காலாண்டுக்கு, வரி ஏற்கனவே கட்டியிருந்தால் செலான் எண், தேதி, வங்கியின் பிஎஸ்ஆர் குறியீடு, 26க்யூ ஒப்புகையின் டோக்கன் எண் இவற்றை அதே நாளுக்குள் தெரிவியுங்கள். கட்டவில்லை என்றால் அதை நேராகவே சொல்லிவிடுங்கள், நான் கோபப்பட மாட்டேன். வட்டியோடு கட்டி, அறிக்கை போட்டு, ஜூலை 22-க்குள் சான்றிதழ் கைக்கு வந்தால் போதும். எந்தத் தேதி சாத்தியம் என்று ஆடிட்டரிடம் கேட்டு ஒரு வரி பதில் போட்டாலும் நான் அதற்கேற்ப என் வேலையைத் திட்டமிட்டுக்கொள்வேன்.

ஆடிட்டருக்கு என்னிடம் நேரடியாக ஏதாவது கேட்க வேண்டுமானால் தாராளமாக இந்த மின்னஞ்சலுக்கே எழுதட்டும். வேண்டுமென்றால் வரும் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கோத்தகிரிக்கு வந்துவிடுகிறேன். அன்றைக்கே வடிகால் குழிகளையும் ஒரு முறை பார்த்துவிடலாம். மழை வலுப்பதற்கு முன் சுவரின் நீர்த்துளைகளில் இலைச் சருகு அடைத்திருக்கிறதா என்று யாராவது பார்த்தே ஆக வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இணைப்பு: இரண்டு பில்கள், வங்கி வரவுப் பக்கங்கள் இரண்டு, ஜூலை 5 அன்று எடுத்த 26ஏஎஸ் நகல்.

நன்றியுடன்,
கோமதி
கட்டடக் கலைஞர், குன்னூர்