ஆகஸ்ட் மாத டிரேடிங் கணக்கு அறிக்கை

அன்புள்ள சித்தப்பா,

இந்த மாதம் நஷ்டம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான்காம் பத்தியில் ஒளித்து வைக்க விரும்பவில்லை.

| விவரம் | தொகை |
|---|---|
| மாதத் தொடக்க இருப்பு | 6,21,400 |
| லாபத்தில் முடிந்த 7 டிரேடுகள் | + 55,300 |
| நஷ்டத்தில் முடிந்த 11 டிரேடுகள் | − 65,800 |
| புரோக்கரேஜ், வரி, இதர கட்டணம் | − 3,850 |
| மாத இறுதி இருப்பு | 6,07,050 |

மொத்தத்தில் 14,350 போயிருக்கிறது, அதாவது 2.3 சதவீதம். நீங்கள் தந்த 6,00,000-க்கு மேல் இன்னும் 7,050 இருக்கிறது. மே முதல் ஜூலை வரை சேர்ந்த 21,400 லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே மாதத்தில் கரைந்துவிட்டது. 31-ஆம் தேதி ஒரு பங்கு இன்னும் கையில் இருந்தது. அதில் தெரியும் 1,150 லாபத்தை மேலே சேர்க்கவில்லை. விற்கும்வரை அது வெறும் எண்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 11 நஷ்டங்களில் 10 சாதாரணமானவை, சராசரி 4,600. ஒரு டிரேடில் அதிகபட்சம் 6,000-தான் இழக்கலாம் என்று நாம் பேசி வைத்த எல்லைக்குள் அடங்கியவை. மீதி ஒன்று மட்டும் 19,800.

19-ஆம் தேதி நடந்தது இது. 184.50-க்கு 600 பங்குகள் வாங்கி, ஸ்டாப் லாஸை 174.50-ல் வைத்திருந்தேன். கணக்கு சரிதான்: பத்து ரூபாய் இறங்கினால் 6,000 போகும், வெளியே வந்துவிடலாம். மதியம் விலை 175.20-க்கு வந்தது. திரும்பி ஏறிவிடும் என்று தோன்றியது. ஸ்டாப்பை 168-க்கு இறக்கினேன். விலை 172 வரை போய்க் கொஞ்சம் மீண்டது. ‘பார்த்தாயா, நல்லவேளை’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்த 168 ஆர்டரையும் எடுத்துவிட்டேன். அன்று மாலை காலாண்டு முடிவு வரப்போகிறது என்பதும் எனக்குத் தெரியும். மறுநாள் காலை 152.40-ல் திறந்தது. 151.50-க்கு விற்றேன்.

சந்தை மேல் பழி போட இதில் எதுவும் இல்லை. முதலில் வைத்த ஸ்டாப் அப்படியே இருந்திருந்தால் 19-ஆம் தேதியே 6,000 சொச்சத்தோடு முடிந்திருக்கும். இரவோடு இரவாக விலை சரியும்போது ஸ்டாப் லாஸ் காப்பாற்றாது என்பதும் உண்மை. ஆனால் அன்றிரவு அந்தப் பங்கு என் கையில் இருந்திருக்கவே கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தத் தவறே நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்த மாதம் 550 நஷ்டம்தான். என் சராசரி லாபம் 7,900, சராசரி நஷ்டம் 5,980-க்கு மேல். இந்த விகிதத்தில் நூற்றுக்கு 43 டிரேடாவது ஜெயித்தால்தான் கையைக் கடிக்காது, அதுவும் கட்டணத்தைச் சேர்க்காமல். நான் ஜெயித்தது 39. சந்தை ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது, என் முறையோ ஒரு திசையில் ஓடும் சந்தைக்கானது. 18 டிரேடை வைத்து முறையே தப்பு என்று முடிவு கட்டமாட்டேன். ஆனால் இந்த மாதிரி வாரங்களில் குறைவாக டிரேட் செய்திருக்கலாம்.

8-ஆம் தேதி கணக்கு 6,31,200 வரை ஏறியது. 20-ஆம் தேதி 6,01,900. உச்சத்திலிருந்து 4.6 சதவீத இறக்கம். இருப்பு 5,40,000-ஐத் தொட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உங்களிடம் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கு இன்னும் 67,050 இடைவெளி இருக்கிறது.

20-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு டிரேடுக்கான எல்லையை 3,000 ஆகப் பாதியாக்கிவிட்டேன். செப்டம்பர் முழுக்க அதேதான். காலாண்டு முடிவு வரும் நாளுக்கு முன்பே அந்தப் பங்கிலிருந்து வெளியே வந்துவிடுவேன். ஸ்டாப்பை லாபத்தின் பக்கம் நகர்த்தலாம், நஷ்டத்தின் பக்கம் நகர்த்தக்கூடாது. இதை மீறினால் அந்த மாத அறிக்கையில் முதல் வரியாக எழுதுவேன்.

போன மாதம் இன்னொரு 2,00,000 போடட்டுமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம் சித்தப்பா. கையில் இருப்பதையே சரியாகப் பிடிக்கத் தெரியாத மாதத்தில் கூடுதல் பணம் வந்தால் தவறும் பெரிதாகும்.

அக்டோபர் கடைசியில் தரவேண்டிய முதல் தவணை 15,000-ஐ டிரேடிங் கணக்கில் கை வைக்காமல், நான் பகுதி நேரமாகக் கணக்கு எழுதிச் சம்பாதிப்பதிலிருந்து தருகிறேன். உங்கள் பணத்தையே எடுத்து உங்களுக்குக் கொடுத்துவிட்டு அதை லாபம் மாதிரிக் காட்ட மனமில்லை. இந்த மாதம் என் செலவுக்கும் கணக்கிலிருந்து எதுவும் எடுக்கவில்லை.

புரோக்கர் ஸ்டேட்மெண்டை முழுதாக இணைத்திருக்கிறேன். 19, 20 தேதி வரிகளை மஞ்சளில் குறித்திருக்கிறேன். பார்த்துவிட்டு, ஞாயிறு மாலை நேரம் இருந்தால் கூப்பிடுங்கள். 5,40,000 என்ற எல்லையை 5,60,000 ஆக உயர்த்தலாமா என்று அப்போது உங்களிடம் கேட்கவேண்டும்.

அன்புடன்,
கார்த்திக்