தீ ஒத்திகை: ஆசிரியர்கள், ஆயாக்கள் கவனத்துக்கு

வெள்ளி காலை 10.40க்கு மணி விடாமல் அடிக்கும். ஒத்திகைதானா என்று விசாரித்து நிற்க வேண்டாம். பை, செருப்பு எதையும் எடுக்கக் கூடாது. வருகைப் பதிவேடு மட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும். வாட்ச்மேன் காலையிலேயே பின்கேட்டின் பூட்டைக் கழற்றிவிட வேண்டும். போன முறை சாவி தேடியே 2 நிமிடம் போனது.

எல்.கே.ஜி. பிள்ளைகள் முடிச்சுக் கயிற்றைப் பிடித்து வருவார்கள். முடிச்சுக்கு ஒரு பிள்ளை, கயிற்றுக்கு 20. ஆசிரியை முன்னால், ஆயா கடைசியில். பயந்த குழந்தை ஓடாது, ஒளிந்துகொள்ளும். ஆகவே ஆயா மேசைக்கடியிலும் கழிப்பறையிலும் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு வரவும். மாடி வகுப்புகள் கிழக்குப் படியில் மட்டும் இறங்கும், சிறுவர் வரிசையைக் குறுக்கிடாமல்.

கூடுமிடம் மைதானத்தின் மேற்கு ஓரம். முன்வாசல் தீயணைப்பு வண்டிக்கு.

பெயர் கூப்பிட்டால் பக்கத்துப் பிள்ளையே 'உள்ளேன்' சொல்லிவிடும். தலையைத் தொட்டு எண்ணுங்கள். பதிவேட்டில் அன்று வராதவர்களைக் கழித்து, மீதியோடு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தலைமையாசிரியரிடம் சொல்லவும். ஒருவர் குறைந்தாலும் யாரும் உள்ளே திரும்பக் கூடாது. நிஜத் தீயானால் 101க்குச் சொல்லும்போதே அந்தப் பிள்ளை கடைசியாக இருந்த அறையையும் சொல்லவும்.