சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவரின் உணவு மதிப்பீட்டு அறிக்கை

பெறுபவர்: சிறுநீரகவியல் மருத்துவர், மாற்று சிகிச்சைப் பிரிவு
நகல்: நோயாளியின் குடும்பத்துக்கு (வீட்டில் எல்லோரும் படிப்பதற்காகத் தமிழில்)
மதிப்பீடு செய்தது: சிகிச்சைக்குப் பின் 19-ஆம் வாரம், புறநோயாளர் பிரிவு

பின்னணி

42 வயது ஆண். திண்டுக்கல்லில் ஜவுளிக்கடைக் கணக்காளர். இரண்டு ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்தார். சொந்த அக்கா கொடுத்த சிறுநீரகம். கிரியாட்டினின் 1.3, அதாவது சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்கிறது. தற்போதைய மருந்துகள்: உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 10 மி.கி., டாக்ரோலிமஸ், மைக்கோபீனலேட்; தொற்றைத் தடுக்கக் கோ-ட்ரைமாக்சசோல்; ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், மூன்று வாரமாக லோசார்டன். தந்தைக்குச் சர்க்கரை நோய் இருந்தது.

இவரை உணவியல் நிபுணரான என்னிடம் அனுப்பியதற்கு இரண்டு காரணங்கள்: எடை ஏறுகிறது, பொட்டாசியம் ஏறுகிறது. பேசிப் பார்த்ததில் மூன்றாவது ஒன்றும் தெரிந்தது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன.

எடை

உயரம் 166 செ.மீ. அறுவை சிகிச்சைக்கு முன் உலர் எடை 58 கிலோ, இன்று 66.4 கிலோ. 19 வாரத்தில் 8.4 கிலோ கூடியிருக்கிறது. கால் வீக்கம் இல்லை, எனவே நீர் அல்ல. இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ.; நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. உடல் நிறை எண் 24.1, நமக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடைதான்.

இதில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். நோய் வருவதற்கு முன் இவர் எடை 63 கிலோ. டயாலிசிஸ் காலத்தில் வாய்க்கு ருசியில்லாமல் இளைத்தவர், அந்த ஐந்து கிலோவை மீட்டதை நான் தவறாகக் கணக்கிடவில்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கைப்பிடி வலு 24 கிலோதான் வந்தது. ஆண்களுக்கு 28-க்குக் கீழே என்றால் குறைவு. ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும், கொழுப்பை வயிற்றிலும் முகத்திலும் சேர்க்கும். கூடிய எடையில் பெரும்பகுதி தசையாக இல்லை. அதனால் பட்டினி போட்டு எடையைக் குறைப்பது இவருக்குச் சரிப்படாது, இருக்கிற தசையும் போய்விடும்.

மனைவி சொன்னது: "ராத்திரி ரெண்டு மணிக்குப் பசிக்குதுன்னு எழுந்து உட்கார்ந்துக்கிறார் மேடம். தயிர்சாதமோ மிக்சரோ ஏதாவது வேணும்ங்கிறார். ரெண்டு வருஷம் ஒண்ணும் சாப்பிட முடியாம கிடந்த மனுஷன், எப்படி வேணாம்னு சொல்றது?"

அந்தப் பசி ஸ்டீராய்டின் வேலை. அவருக்கு நாக்கைக் கட்டத் தெரியவில்லை என்று வீட்டில் யாரும் நினைக்க வேண்டாம். மருந்தளவு குறையக் குறைய பசியும் அடங்கும். அதுவரை பசிக்கு என்ன கொடுக்கிறோம் என்பதைத்தான் நாம் மாற்ற முடியும்.

ஒரு நாள் சாப்பாடு (நேற்று, வழக்கமான நாள்)

காலை 5.30: காபி, இரண்டு கரண்டி சர்க்கரை. 8 மணி: மாத்திரைகள், உடனே ஐந்து இட்லி, நிறைய தேங்காய்ச் சட்னி, சாம்பார். 11 மணி: ஒரு இளநீர், இரண்டு மெதுவடை. 1.30: வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாடு, குவித்து மூன்று கப் சாதம், முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், கீரை, தயிர்சாதம், ஊறுகாய், அப்பளம். 4.30: டீ, ஆறு பிஸ்கட், முறுக்கு. இரவு 9.30: சப்பாத்தி நான்கு, குருமா, இரண்டு சிறுமலை வாழைப்பழம் (வாரம் இரு முறை சப்பாத்திக்குப் பதில் பரோட்டா சால்னா). நள்ளிரவு: தயிர்சாதம், மிக்சர். இதோடு பழனிக்கு நேர்ந்துகொண்டதால் தினமும் காலை ஒரு கரண்டி பஞ்சாமிர்தம்.

என் கணக்கு, தோராயமாக: 2,900 கலோரி, புரதம் 65 கிராம், உப்பு 11 கிராம், பொட்டாசியம் 4,200 மி.கி. இவருக்குத் தேவை 1,800 முதல் 1,900 கலோரி. புரதம் போதுமானது, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தண்ணீர் ஒன்றேகால் லிட்டர்தான் குடிக்கிறார். டயாலிசிஸில் அளந்து அளந்து குடித்த பழக்கம் இன்னும் விடவில்லை. டம்ளரைக் கையில் எடுத்தாலே தயங்குகிறார். இரண்டரை லிட்டர் வரை குடிக்கலாம் என்று சொன்னபோது நம்பாமல் இரண்டு முறை கேட்டார்.

பொட்டாசியம்

5-க்குக் கீழே இருக்க வேண்டிய அளவு இரண்டு வாரத்துக்கு முன் 5.2. இந்த வாரம் 5.6, ரத்த மாதிரி சிதைந்திருக்குமோ என்று மறுபடி எடுத்ததிலும் 5.6. பைகார்பனேட் 20.

வீட்டில் எல்லோரும் வாழைப்பழத்தைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கிரியாட்டினின் 1.3 இருக்கும் சிறுநீரகம் இரண்டு வாழைப்பழத்துக்குத் திணறாது. இங்கே மூன்று மருந்துகள் கதவைச் சாத்தி வைத்திருக்கின்றன. டாக்ரோலிமஸ், கோ-ட்ரைமாக்சசோலில் உள்ள ட்ரைமெத்தோபிரிம், புதிதாகச் சேர்ந்த லோசார்டன் மூன்றுமே பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைப்பவை. பைகார்பனேட் 20 என்றால் ரத்தத்தில் அமிலம் சற்றுக் கூடியிருக்கிறது, அதுவும் சேர்ந்துகொள்கிறது. கதவு சாத்தியிருக்கும்போது உள்ளே வருவது கொஞ்சம் கூடினாலும் தேங்கிவிடும்.

உள்ளே வந்தவற்றில் யாரும் கவனிக்காத இரண்டு உண்டு. ஒன்று இளநீர், ஒரு காயில் சுமார் 650 மி.கி. இன்னொன்று உப்பு. "பிரஷருக்கு நல்லது" என்று கடையில் சொன்னதை நம்பி ஒரு மாதமாகக் குறைந்த சோடியம் உப்பு வாங்குகிறார்கள். பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். பின்புறம் பொட்டாசியம் குளோரைடு 15 சதவீதம் என்று அச்சாகியிருக்கிறது. இவர் பங்குக்கு மட்டும் நாளொன்றுக்கு 450 மி.கி. வருகிறது. இரண்டும் சேர்ந்து 1,100 மி.கி., அதுவும் ஒரு கீரையையோ பழத்தையோ தொடாமல்.

எனவே முதலில் இவை இரண்டும் நிற்க வேண்டும். வழக்கமான அயோடின் உப்பு, நாளைக்கு 5 கிராம், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். இந்துப்பு வேண்டுமா என்று கேட்டார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், தனி நன்மை இல்லை. ஊறுகாய், அப்பளம், மிக்சர் போனாலே உப்பு பாதியாகிவிடும்.

காய்கறி, பழம், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. டயாலிசிஸ் அட்டவணையை மறுபடி கையில் கொடுத்தால் பொட்டாசியம் இறங்கும், ஆனால் மனிதர் வெள்ளைச் சாதத்துக்கும் பிஸ்கட்டுக்கும் திரும்புவார். எடையும் சர்க்கரையும் ஏறும். கீழே எழுதியிருக்கும் நீண்டகால ஆபத்துக்கு அது நேர்வழி. ஆகவே இலக்கு நாளொன்றுக்கு 2,500 மி.கி., அதுவும் பொட்டாசியம் 5-க்குக் கீழே நிலைக்கும் வரை மட்டும்.

கீரை வாரம் இரண்டு நாள், நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்து. உருளை வாரம் ஒரு நாள், அதே முறையில். தினசரிக் காய் புடலை, சுரை, பீர்க்கை, கோஸ், வெள்ளரி. பழம் தினம் ஒரு முறை: ஆப்பிள், பேரிக்காய், பப்பாளி ஒரு சிறு துண்டு, அன்னாசி. சிறுமலைப் பழம் இப்போதைக்கு வாரம் இரண்டு. பம்பளிமாஸ் எப்போதும் வேண்டாம்; அது டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். அதே காரணத்துக்காக மஞ்சள் மாத்திரை, மூலிகைப் பொடி, கஷாயம் எதுவும் எங்களைக் கேட்காமல் கூடாது. சமையலில் போடும் மஞ்சள் பற்றிப் பயப்பட வேண்டாம்.

மருத்துவரின் பரிசீலனைக்கு: லோசார்டன் தொடர வேண்டுமா, பைகார்பனேட் மாத்திரை தேவையா, கோ-ட்ரைமாக்சசோல் எப்போது நிறுத்தப்படும்? உணவை மட்டும் இறுக்கி இந்த எண்ணைச் சரிசெய்யச் சொன்னால் அது நோயாளிக்கு அநியாயம்.

உணவுப் பாதுகாப்பு

நான் சொன்ன மூன்றாவது விஷயம் இதுதான். இளநீர் ஏன் தினமும் வந்தது என்று கேட்டேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காதுகுத்து விருந்தில் சாப்பிட்டு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அப்போது கிரியாட்டினின் 1.6 ஆனது, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு 13 வரை ஏறியது. வயிற்றுப்போக்கில் குடல் அந்த மருந்தைக் கூடுதலாக உள்ளே விடும். மருந்து குறைந்துபோகும் என்று நினைத்து வீட்டிலேயே மாத்திரையைக் கூட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது ஆபத்து. தெம்புக்காகத் தொடங்கிய இளநீர் அதன் பிறகு நிற்கவில்லை. ஆக, இன்றைய பொட்டாசியத்தின் ஒரு வேர் அந்த விருந்துப் பந்தியில் இருக்கிறது.

காலை 8.30-க்குக் கட்டும் சாப்பாட்டை 1.30-க்கு உண்கிறார். திண்டுக்கல் வெயிலில் ஐந்து மணி நேரம். சூடாகவே அடைத்த ஹாட்பாக்ஸ் வாங்கச் சொல்லியிருக்கிறேன், தயிர் தனியாக ஐஸ் பையோடு. சமைத்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அவருக்கு வேண்டாம். ஞாயிறு பழைய சோறு அவருக்குப் பிடித்த உணவு. வருத்தத்தோடுதான் நிறுத்தச் சொன்னேன். இரவு முழுக்க அறை வெப்பத்தில் ஊறும் சோற்றில் என்ன வளரும் என்பது நம் கையில் இல்லை; எதிர்ப்புச் சக்தியை அடக்கியிருப்பதால் அது இவரை எளிதில் தாக்கும். காய்ச்சிய பாலில் வீட்டில் உறையூற்றிய புதுத் தயிர் சாப்பிடலாம்.

ஆஃப்பாயில், ஆம்லெட்டின் ஈரமான நடுப்பகுதி, சாலையோரச் சட்னி, பானிபூரி, கரும்புச்சாறு, வெட்டி வைத்த பழம், கடை ஐஸ் வேண்டாம். தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியது, கடைக்கும் வீட்டிலிருந்தே. கறி, மீன் முழுக்க வெந்திருக்க வேண்டும். ஞாயிறு பிரியாணி கேட்டார்: வீட்டில் செய்து, சூடாக, ஒரு கப், மாதம் இருமுறை.

பஞ்சாமிர்தம் அவர் உயிர் பிழைத்ததற்கான நேர்த்திக்கடன். அதை நிறுத்தச் சொல்லவில்லை. திறந்த பாத்திரத்தில் கிடைப்பதை விட்டு, மூடி முத்திரையிட்ட டப்பாவில் வருவது, திறந்தபின் குளிர்பெட்டியில், விரல்நுனி அளவு.

நீண்டகால ஆபத்து

வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 168. இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. காலையில் எடுக்கும் பிரெட்னிசலோன் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும், எனவே வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் போதாது. மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 138, ட்ரைகிளிசரைடு 210, ரத்த அழுத்தம் 138/86; இவையும் கூடுதல்தான்.

மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இறப்பவர்களில் பலரை எடுத்துச்செல்வது இதய நோய்தான். இதைக் குடும்பத்திடம் மறைக்காமல் சொன்னேன். அக்கா உடன் வந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வைட்டமின் டி 17, குறைவு; ஸ்டீராய்டு எலும்பையும் அரிக்கும். மாத்திரை பற்றி மருத்துவர் முடிவெடுக்க வேண்டுகிறேன்.

ஒப்புக்கொண்ட மாற்றங்கள்

காலை டாக்ரோலிமஸ் 7 மணிக்கு, ஒரு மணி நேரம் கழித்து நான்கு இட்லி, சாம்பார், சட்னி இரண்டு கரண்டி. மதியம் சாதம் ஒன்றரை கப், காய் அதே அளவு, பருப்பு, முட்டை அல்லது மீன். 4.30-க்கு ஊறவைத்து வேகவைத்து வடித்த சுண்டல் அரை கப், சர்க்கரையில்லாத டீ. இரவு 8 மணி மருந்துக்குப்பின் 9 மணிக்குச் சப்பாத்தி இரண்டு, காய்கறி. நள்ளிரவுப் பசிக்கு மோர் ஒரு டம்ளர், வெள்ளரிக்காய். மிக்சர் டப்பா வீட்டிலேயே இருக்காது என்று மனைவி பொறுப்பேற்றார். சாப்பாட்டுக்குப்பின் பதினைந்து நிமிட நடை, வாரம் மூன்று நாள் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி.

ஆறாம் மாதம் வரை எடை ஏறாமல் நின்றால் போதும். ஓராண்டில் 63 கிலோ.

பொட்டாசியம், கிரியாட்டினின் ஐந்தாம் நாள் மறுபரிசோதனை. நெஞ்சு படபடப்பு, கால் தளர்ச்சி, இரண்டு வேளைக்கு மேல் வயிற்றுப்போக்கு அல்லது வாந்தி, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் அன்றே வர வேண்டும். என்னிடம் அடுத்த வருகை இரண்டு வாரத்தில், வீட்டு உப்புப் பாக்கெட்டோடும் மூன்று நாள் உணவுக் குறிப்போடும்.

உணவியல் நிபுணர், சிறுநீரக மாற்று சிகிச்சைப் பிரிவு